ரீடிங் லாக் புள்ளைங்களே எழுதணும், ஆனா அது இன்னொரு ஹோம்ஒர்க் ஆகிடக் கூடாது. யாராவது பண்ணிப் பாத்திருக்கீங்களா?

உறையூர்_மீனா

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க. பொண்ணுக்கு 8 வயசு, மூணாவது படிக்கிறா. பையன் ஒண்ணாவது. பெரியவ நல்லா வாசிப்பா, சாப்பிடும்போது கூட தட்டுக்குப் பக்கத்துல புக்க விரிச்சு வச்சுக்குவா, பாதி புக்குல சாம்பார் கறை இருக்கும். ஜூன்ல ஸ்கூல் திறந்தப்போ நானே ஒரு லாங் சைஸ் நோட்டுல ஸ்கேல் வச்சு கட்டம் போட்டுக் குடுத்தேன். தேதி, புக் பேரு, எழுதினவங்க பேரு, எத்தனை பக்கம், எத்தனை நிமிஷம், கதைச் சுருக்கம் ரெண்டு வரி, கடைசில என் கையெழுத்து.

முதல் வாரம் ஆசையா எழுதினா. ரெண்டாவது வாரம் நான் ஞாபகப்படுத்த வேண்டியதா போச்சு. மூணாவது வாரம் ஞாயித்துக்கிழமை ராத்திரி பாக்குறேன், ஏழு நாளுக்கும் சேத்து ஒரே உட்காரல்ல எழுதிட்டு இருக்கா, ஒரே நீல ஜெல் பேனா, நிமிஷம்ங்கிற கட்டத்துல மேல இருந்து கீழ வரைக்கும் 20, 20, 20. சுருக்கம் எல்லாம் பின் அட்டைல இருந்து அப்படியே காப்பி. இதையும் விட்டுடுவேன், ஆனா அடுத்த நாள் லைப்ரரில ஒரு குண்டு புக்க எடுத்துப் புரட்டிட்டு திருப்பி வச்சுட்டு "இதை எழுத வேண்டாம்னா எடுத்துக்கிறேன்மா"ன்னு சொன்னா. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. படிக்கிற புள்ளைய நானே படிக்க விடாம பண்ணிட்டேனோன்னு.

அன்னைக்கே நோட்ட எடுத்து உள்ள வச்சுட்டேன். ஆனா அவ என்னென்ன படிச்சான்னு ஒரு பதிவு இருக்கணும்னு எனக்கு இன்னும் ஆசை இருக்கு, போன வருஷம் படிச்ச ஒரு குருவிக் கதைய அவளே ரெண்டு மாசமா தேடுறா, பேரு ஞாபகம் இல்ல. அவளே எழுதுற மாதிரி, ஆனா அவளுக்கு பாரமா இல்லாத மாதிரி ஏதாவது முறை இருக்கா?

கோவை_செந்தில்

வணக்கங்க. எங்க வீட்ல இது சூப்பரா ஓடிட்டு இருக்குங்க. ஃப்ரிட்ஜ்ல ஒரு சார்ட் ஒட்டிருக்கேன், ஒரு புக் முடிச்சா ஒரு ஸ்டார், பத்து ஸ்டாருக்கு ஐம்பது ரூபா. பையன் நாலாவது, ரெண்டு மாசத்துல 42 புக் முடிச்சுட்டான். கண்ணுக்கு முன்னாடி கூடிட்டே போறது தெரிஞ்சா புள்ளைங்களுக்கு தானா வேகம் வந்துருங்க. நோட்டுக்குள்ள மூடி வச்சா யாருக்கு தெரியும்? சார்ட்ட செவுத்துல போடுங்க, நீங்க சொல்லவே வேண்டியதில்ல.

ராஜி_அம்மா

மீனா, என் பையனும் எழுத சோம்பேறிதான். நாலு கோடு நோட்டு வாங்கி தினம் ஒரு பக்கம் காப்பி ரைட்டிங் போடச் சொல்லுங்க, கை பழகிட்டா எழுதுறது கஷ்டமா இருக்காது. பென்சில் பிடிக்கிறதுக்கு முக்கோண க்ரிப் ஒண்ணு ஸ்டேஷனரி கடைல கிடைக்குது, அதுவும் நல்லா இருக்கு.

உறையூர்_மீனா

ராஜி அக்கா, எழுதுறதுல பிரச்சனை இல்லக்கா, டைரில பக்கம் பக்கமா எழுதுவா. இந்த நோட்டுன்னா மட்டும்தான் முகம் மாறுது. செந்தில் சார், அந்த 42 புக்குல பெரிய புக் எத்தனைன்னு தெரிஞ்சுக்கலாமா? கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க.

பழைய_நூலகர்

அம்மா, நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிளை நூலகத்துல இருபத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். புள்ளைங்களும் பதிவேடும்னா எனக்குக் கொஞ்சம் தெரியும், அதனால விளக்கமாவே சொல்லுதேன்.

லைப்ரரி புக்குல பின்னாடி தேதி சீட்டு ஒட்டிருக்கும் பாத்திருப்பீங்க. புக்க எடுத்துட்டுப் போறப்ப ஒரு முத்திரை குத்துவோம், அவ்வளவுதான். அந்த சீட்ட எந்தப் புள்ளையும் விடாது, திருப்பிப் பாக்கும். சீட்டு ரெண்டு பக்கமும் நிறைஞ்சிருந்தா, "இது எல்லாரும் எடுத்த புக்கு"ன்னு எடுத்துக்கும். யாரும் படிக்கச் சொல்லல, யாரும் சுருக்கம் எழுதல. அந்தப் பதிவுக்கு ஆன நேரம் ஒரு நொடி. ஆனா அது அடுத்து எந்த புக்க எடுக்கதுன்னு சொல்லுது. பதிவேடு உயிரோட இருக்கதுன்னா அதுதான், எழுதினத யாராவது திரும்பிப் பாத்து அதை வச்சு ஒரு காரியம் செய்யணும். உங்க நோட்ட உங்க பொண்ணு என்னைக்காவது பின்னாடி புரட்டிப் பாத்தாளா? பாத்திருக்க மாட்டா. அது உங்களுக்கு காட்டுறதுக்காக எழுதினது. கடைசி கட்டத்துல கையெழுத்துன்னு ஒண்ணு வந்ததுமே அது சாட்சிப் பத்திரம் ஆயிட்டு.

இன்னொண்ணு அந்த நிமிஷக் கணக்கு. இருபது நிமிஷம்னு எழுதணும்னா புள்ள கடிகாரத்தப் பாக்கணும். கதை நடுவுல ஒரு கண்ணு செவுத்துக்குப் போகும். இருபதாவது நிமிஷத்துல வாக்கியம் பாதில நின்னாலும் மூடி வச்சிடும், ஏன்னா கட்டம் நிறைஞ்சாச்சு.

நான் செஞ்சு பாத்து நின்ன முறை ஒண்ணு சொல்லுதேன். வீட்ல பழைய கல்யாணப் பத்திரிகை இருக்கும்லா, நல்ல கெட்டி அட்டை. அதை ரெண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக்கிடுங்க. ஒரு புக்குக்கு ஒரு அட்டை. அதுதான் புக்மார்க், அதுதான் பதிவேடு. புக்க எடுத்ததும் புள்ள மேல பேரு மட்டும் எழுதணும். படிச்சு நிறுத்துற எடத்துல அட்டைய வைக்கும். ஏதாவது குறிக்கணும்னு தோணுச்சுன்னா அந்த அட்டைலயே குறிச்சுக்கிடலாம், தோணலைன்னா வெறும் அட்டை. புக் முடிஞ்சதும் மேல ஒரு ஓட்டை போட்டு சணல் கயித்துல கோத்துடணும். கயிறு கைக்கு எட்டுற ஆணில தொங்கணும். பாதில விட்ட புக்கும் கோக்கணும், ஆனா கீழ் மூலைய சாய்வா வெட்டிடணும். பாதில விட்டது தப்பில்லன்னு புள்ளைக்குத் தெரியணும், இல்லைன்னா பிடிக்காத புக்க கையில வச்சுக்கிட்டு ஒரு மாசம் எதையும் படிக்காம இருக்கும்.

நோட்டு ஏன் நிக்கதில்லன்னா, புள்ள கட்டில்ல படுத்து படிக்கும், நோட்டு மேஜை டிராயர்ல இருக்கும். எழுதணும்னா எழுந்து போகணும். அட்டை புக்குக்குள்ளயே இருக்கதுனால எழுந்து போற வேலை இல்ல.

டீச்சர்_கல்பனா

ஐயா சொன்னதுக்கு மேல நான் கொஞ்சம் சேத்துக்கிறேன். நான் அரசு நடுநிலைப் பள்ளில ஆசிரியை. செந்தில் சார் சொன்ன பரிசு விஷயத்துக்கு பி.எட் படிக்கும்போது படிச்ச ஒண்ணு ஞாபகம் வருது. 1973-ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேரு அமெரிக்காவுல ஒரு நர்சரி ஸ்கூல்ல பண்ணின சோதனை. ஏற்கனவே ஸ்கெட்ச் பேனால படம் வரைய ஆசைப்படுற குட்டிப் புள்ளைங்களா பாத்து எடுத்துக்கிட்டாங்க. ஒரு குழுகிட்ட வரைஞ்சா சர்டிஃபிகேட் தருவோம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. இன்னொரு குழுவுக்கு ஒண்ணும் சொல்லாம வரைஞ்சு முடிச்சப்புறம் குடுத்தாங்க. மூணாவது குழுவுக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு கிளாஸ்ல சும்மா பேனாவ வச்சுட்டுப் பாத்தா, முன்னாடியே பரிசு சொல்லி வரைய வச்ச புள்ளைங்க மத்தவங்கள விட ரொம்ப கம்மியாதான் அந்தப் பேனாவத் தொட்டாங்க. எதிர்பாக்காம வாங்கின குழுவுக்கு அந்த மாதிரி குறையல.

இதுல கவனிக்க வேண்டியது, அந்தப் புள்ளைங்க முதல்லயே ஆசையா பண்ணிட்டு இருந்தவங்க. மீனா பொண்ணு மாதிரி. வாசிக்கவே ஆரம்பிக்காத புள்ளைக்கு சின்னப் பரிசு குடுத்து ஆரம்பிச்சு வைக்கிறது வேற விஷயம், அதையும் இதையும் குழப்பிக்க வேண்டாம்.

ரீடிங் லாக் பத்தியே 2012-ல பாக், வெஸ்லினு ரெண்டு பேரு ஒரு ஆய்வு வெளியிட்டிருக்காங்க, அதுவும் ரெண்டாவது மூணாவது படிக்கிற புள்ளைங்கள வச்சுதான். கட்டாயமா லாக் எழுதினவங்களுக்கு வாசிப்பு மேல இருந்த ஆர்வம் குறைஞ்சுது, விருப்பப்பட்டா எழுதலாம்னு விட்டவங்களுக்கு அப்படி குறையல. லாக் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான், கட்டாயம்ங்கிற ஒண்ணுதான் மாறுச்சு.

கோவை_செந்தில்

மீனா மேடம், நீங்க கேட்டப்புறம் சார்ட்ட எடுத்துப் பாத்தேனுங்க. 42-ல 35க்கு மேல எல்லாம் பதினாறு பக்க படப் புக்குதான். போன வருஷம் இருநூறு பக்க புக் எல்லாம் படிச்ச பையன். இது எனக்கு உறைக்கவே இல்லைங்க. ஆனா கூடிட்டே போறது கண்ணுக்குத் தெரியணும்ங்கிறதுல நான் இன்னும் மாறலைங்க, கயித்துல அட்டை கோக்குறதும் அதேதானுங்களே?

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம். சுருக்கம் இல்ல, கையெழுத்து இல்லன்னா நெசமா படிச்சானா இல்லையான்னு எப்படி தெரியும்? அட்டைல பேர எழுதிட்டு கோத்துட்டான்னா?

பழைய_நூலகர்

தம்பி, கோத்துட்டுப் போகட்டும். ஏமாத்தி யாருகிட்ட என்ன வாங்கப் போறான்? ரூபாயும் இல்ல, ஸ்டாரும் இல்ல. லாபம் இல்லாத எடத்துல புள்ளைங்க பொய் எழுதி நான் பாத்ததில்ல. நம்ம மீனாம்மா பொண்ணு ஞாயித்துக்கிழமை உட்காந்து எழுதினது கையெழுத்து வாங்கதுக்காகத்தான். நீங்க சொன்னது பாதி சரி, கூடுறது கண்ணுக்குத் தெரியணும். ஆனா கணக்கு பாக்குற ஆளு புள்ளையா இருக்கணும், நாம இல்ல.

டீச்சர்_கல்பனா

இதுல ஐயாவோட நான் கொஞ்சம் மாறுபடுறேன். புள்ளைக்கு புரியுதா இல்லையான்னு பெத்தவங்களுக்குத் தெரியத்தான் வேணும், அது நியாயமான கவலை. ஆனா அந்த வேலைய அட்டைகிட்ட குடுக்காதீங்க. வாரத்துல ஒரு நாள் பக்கத்துல உட்காந்து "எனக்கு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டேன்"னு கேளுங்க. ஒரு பக்கத்துல அஞ்சாறு வார்த்தைல தடுக்கி நிக்குதுன்னா அந்த புக் அந்தப் புள்ளைக்கு இப்போதைக்கு கடினம், மாத்திக்கலாம். லாக் எழுத வச்சு இத கண்டுபிடிக்க முடியாது.

எங்க ஸ்கூல்ல வாசிப்பு இயக்கம் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா வந்திருக்கு. நானும் அட்டை மாதிரி ஒண்ணு கிளாஸ்ல வச்சேன். ஓடு, பற எடுக்கிற புள்ளைங்க அட்டைய ஆசையா கோத்தாங்க. நுழைலயே எழுத்துக்கூட்டிட்டு இருக்கிற புள்ளைங்களுக்கு அது ஒண்ணும் பண்ணல, உண்மையச் சொன்னா அவங்கள கொஞ்சம் சங்கடப்படுத்துச்சு. அவங்களுக்கு நாம வாசிச்சுக் காட்டணும், கூட வாசிக்கணும், பதிவேடு அப்புறம். வாசிக்கத் திணறுற புள்ள வீட்ல இருந்தா இந்த முறைய அவசரப்பட்டு ஆரம்பிக்காதீங்க.

உறையூர்_மீனா

ஐயா, கல்பனா மேடம், ரொம்ப நன்றி. நேத்து பீரோ மேல இருந்த பத்திரிகை கட்ட இறக்கினேன். வெட்டுறதையும் அவங்களே பண்றோம்னு ரெண்டு பேரும் உட்காந்துட்டாங்க. தங்க பார்டர் வர்ற எடம் யாருக்குன்னு ஒரே சண்டை. நான் ஒண்ணும் விளக்கம் சொல்லல, "புக்குக்குள்ள வச்சுக்கோ, முடிஞ்சா கயித்துல கோத்துக்கோ"ன்னு மட்டும் சொன்னேன். ரெண்டு மூணு வாரம் கழிச்சு வந்து சொல்றேன்.

ராஜி_அம்மா

ஆமா, ஃபோன்ல படிக்கிற கதைக்கு என்ன பண்றது? என் பையன் ஸ்டோரிவீவர்லதான் படிக்கிறான், தமிழ்லயே நிறைய இருக்கு, காசும் இல்ல. ஆனா அட்டைய ஃபோனுக்குள்ள வைக்க முடியாதே.

சிங்கை_வாணி

ராஜி, எங்க வீட்லயும் அதே கதைதான். ஃபோன் கவருக்குள்ள ஒரு அட்டை சொருகி வச்சுப் பாத்தேன், ரெண்டு நாள்ல மறந்துட்டான். ஸ்கிரீன்ல அடுத்த கதைய உடனே தொட்டு திறந்துடலாம், அதனால "முடிஞ்சுது"ங்கிற நிமிஷமே வர்றதில்ல. புக்குன்னா மூடுறோம், கைய நீட்டி அட்டைய எடுக்கிறோம். ஃபோன்ல அது இல்ல. எனக்கு இன்னும் வழி தெரியல.

இன்னொண்ணு சொல்லணும். என் பையன் இங்கிலீஷ் புக் மடமடன்னு படிப்பான், தமிழ் புக் ஒண்ணுக்கு மூணு வாரம் ஆகும். முன்னாடி பக்கக் கணக்கு வச்சிருந்தப்ப தமிழ் புக்க தொடவே மாட்டான், ஏன்னா கணக்கு ஏறாது. பக்கக் கணக்க எடுத்தப்புறம்தான் மெதுவா ஒண்ணு எடுத்தான்.

உறையூர்_மீனா

மூணு வாரம் ஆச்சு, வந்துட்டேன். நல்லதும் இருக்கு, ஒரு சிக்கலும் இருக்கு.

நல்லது முதல்ல. பெரியவ ஒரு நூத்திமுப்பது பக்க புக் எடுத்தா, பேய் பங்களா மாதிரி ஒரு கதை. அந்த அட்டைய கீழ அப்படியே எழுதுறேன், அவகிட்ட கேட்டுட்டுதான் போடுறேன். மேல புக் பேரு. அதுக்குக் கீழ ஒரு பல்லி படம், பக்கத்துல 47. அப்புறம் மூடின கண்ணு ஒண்ணு. அப்புறம் மறுபடி பல்லி 88, இந்த தடவை ரெண்டு பல்லி. கீழ "தாத்தா தான்!!!"ன்னு மூணு ஆச்சரியக்குறி. என்னடி இதுன்னு கேட்டேன், பல்லின்னா பயம் வந்த பக்கமாம், மூடின கண்ணுன்னா தூக்கம் வந்த எடமாம். தாத்தாதான்னா கதைல திருடன் யாருன்னு அவளே கண்டுபிடிச்சுட்டாளாம், கடைசி அத்தியாயம் வர்றதுக்கு முன்னாடியே. நான் ரெண்டு வரி சுருக்கம் கேட்டு வாங்கினதுல இதுல பாதி கூட வந்ததில்ல. இந்தக் குறியெல்லாம் நான் சொல்லிக் குடுக்கல.

ஒரு நாள் பாத்ரூம் ஷெல்ஃப்ல பென்சில் இருந்துச்சு, அங்கயும் படிக்கிறா போல. அதனால இப்ப ஒரு குட்டிப் பென்சில அட்டைலயே நூல்ல கட்டித் தொங்க விட்டுருக்கா, பழைய தேர்தல் பூத்துல கட்டிருப்பாங்களே அந்த மாதிரி.

இப்ப சிக்கல். சின்னவன் படப் புக் படிக்கிறான், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு. போன வியாழன் வரைக்கும் அவன் கயித்துல 38 அட்டை, இவ கயித்துல 4. ரெண்டு கயிறும் ஒரே ஆணிலதான் தொங்குது. அன்னைக்கு இவ அடுத்த குண்டு புக்க பாதில வச்சுட்டு தம்பியோட படப் புக்க எடுத்து அட்டை போட ஆரம்பிச்சுட்டா. ஒரே சாயங்காலத்துல ஒம்போது அட்டை. செந்தில் சார் சார்ட்ல நடந்ததேதான் என் வீட்லயும், ரூபாய் இல்லாமலே.

ரெட்டை_வால்_அம்மா

மீனா, எனக்கு ட்வின்ஸ், அதனால இது தினமும் பாக்குறேன். ஒரே ஆணில தொங்கவே விடாதீங்க. ஒருத்தனோடது அவன் கட்டில் தலைமாட்டுல, இன்னொருத்தனோடது சமையல் ரூம்ல. கண்ணுல ஒண்ணா படலைன்னா போட்டி பாதி அடங்கிடும்.

பழைய_நூலகர்

அந்தம்மா சொன்னது நல்ல யோசனை. ஆனா ஒரே வீட்ல கயிறு எங்க இருக்குன்னு புள்ளைங்களுக்குத் தெரியாமயா போகும், எண்ணிட்டுதான் வருவாங்க. கோளாறு வேற எடத்துல இருக்கு. நான்தான் ஒரு புக்குக்கு ஒரு அட்டைன்னு சொன்னேன், அதுல தவறு என்னுது. பதினாறு பக்க புக்கும் நூத்திமுப்பது பக்க புக்கும் ஒரே எடைன்னு ஆயிட்டு. சின்னப் புக்கு எத்தனை படிச்சாலும் ஒரே அட்டைல வரிசையா பேரு எழுதட்டும், அட்டை ரெண்டு பக்கமும் நிறைஞ்சா கோக்கட்டும். பெரிய புக்குக்குத் தனி அட்டை. அப்போ ஒரு அட்டை நிறையதுக்கு ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே உழைப்பு ஆகும்.

இத நீங்க தீர்ப்பா சொல்லாதீங்க. புள்ளைங்க ரெண்டு பேரையும் உட்கார வச்சு, "கயிறு சீக்கிரம் கனமா ஆயிடுச்சு, என்ன பண்ணலாம்?"னு கேட்டுப் பாருங்க.

கோவை_செந்தில்

நானும் சார்ட்ட எடுத்துட்டேனுங்க. பையன் முதல் வாரம் "அப்போ ஐம்பது ரூபா?"ன்னு கேட்டான், மூணு நாள் எந்த புக்கையும் தொடல. எனக்கு பயமாப் போச்சு. கல்பனா மேடம், இது எத்தனை நாள் இப்படி இருக்கும்?

டீச்சர்_கல்பனா

சார், நாள் கணக்கு சொல்ல எனக்குத் தெரியாது, புள்ளைக்குப் புள்ள மாறும். காசு நின்னதும் ஒரு இடைவெளி வர்றது சகஜம். அந்த நேரத்துல வேற பரிசு எதையும் உள்ள கொண்டு வராதீங்க. ராத்திரி நீங்க அவனுக்கு ஒரு புக் வாசிச்சுக் காட்டுங்க, கொஞ்சம் பரபரப்பான எடத்துல நிறுத்திட்டு புக்க அங்கயே வச்சுட்டுப் போங்க. நாலாவது படிக்கிற பையன் மிச்சத்த தானா எடுத்துப் பாப்பான்.

உறையூர்_மீனா

ஐயா சொன்ன மாதிரி கேட்டேன். சின்னவன்தான் முதல்ல சொன்னான், "என் அட்டைல எடம் நிறைய இருக்கும்மா, ஒண்ணுலயே அஞ்சு எழுதலாம்"னு. அக்கா உடனே, "அப்போ படப் புக்குக்கு ஒரு அட்டைல பத்து"ன்னு பேரம் பேசி எட்டுல முடிச்சாங்க. பழைய அட்டைகள அவிழ்க்க மாட்டேன்னு அவன் அழுதான், சரின்னு விட்டாச்சு, புதுசுல இருந்து இந்தக் கணக்கு. கயித்தையும் தனித்தனியா மாத்திட்டேன், ரெட்டை வால் அம்மாவுக்கு நன்றி. அடுத்த ரெண்டு நாள்ல அவ குண்டு புக்குக்குத் திரும்பிப் போயிட்டா.

இப்ப வேற ஒரு கேள்வி. அவ ஸ்கூல்ல ரெண்டாவது டெர்ம்ல இருந்து ரீடிங் லாக் குடுத்துட்டாங்க. தினமும் இருபது நிமிஷம், சுருக்கம், பெற்றோர் கையெழுத்து. நான் ஜூன்ல போட்ட கட்டமேதான். அவ பாத்துட்டு "மறுபடியுமா?"ன்னா. இத என்ன பண்றது?

ரெட்டை_வால்_அம்மா

நான் நானே எழுதிக் குடுத்துடுவேன். அட்டைய பாத்து எந்த புக்னு தெரியுது, கட்டத்த நான் நிரப்பி கையெழுத்தும் போட்டுடுவேன். புள்ள படிச்சது உண்மைதானே.

டீச்சர்_கல்பனா

வேண்டாம்மா. புள்ளை எழுத வேண்டியத அம்மா எழுதிக் குடுத்தா, பேப்பர்ல எது எழுதினாலும் பரவாயில்லன்னு புள்ள கத்துக்கும். மிஸ்ஸ நேர்ல போய் பாருங்க, அந்த பல்லி அட்டைய கையில கொண்டு போங்க. புள்ள இத வச்சிருக்கா, லாக்குக்கு பதிலா வாரம் ஒரு தடவை இத கொண்டு வரலாமான்னு கேளுங்க. எல்லா டீச்சரும் ஒத்துக்குவாங்கன்னு சொல்ல மாட்டேன், எங்களுக்கும் மேல இருந்து ரெக்கார்டு கேக்குறாங்க. ஒத்துக்கலைன்னா அது ஹோம்ஒர்க், ஹோம்ஒர்க் மாதிரி பண்ணட்டும், அஞ்சு நிமிஷத்துல சுருக்கமா. கயிறு வேற, அது வேறன்னு அவளுக்குத் தெளிவா சொல்லிடுங்க.

பழைய_நூலகர்

எனக்கு இதுல அவ்வளவு உறுதி இல்ல டீச்சர். தினமும் அஞ்சு நிமிஷம் அந்த கட்டத்த நிரப்புற புள்ளைக்கு கயித்து மேலயும் கசப்பு வந்துடுமோன்னு எனக்கு இருக்கு. ஆனா அம்மா எழுதிக் குடுக்கதும் சரியாப் படல.

உறையூர்_மீனா

மிஸ்ஸப் பாத்தேன். அட்டைய திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, பல்லி எதுக்குன்னு கேட்டு சிரிச்சாங்க. சுருக்கத்துக்கு பதிலா அட்டைய வாரம் ஒரு நாள் காட்டினா போதும்னுட்டாங்க. ஆனா நிமிஷமும் கையெழுத்தும் எல்லா செக்ஷனுக்கும் பொதுவாம், அத அவங்களால எடுக்க முடியாதாம். அதனால பாதி தீந்துச்சு, பாதி அப்படியே இருக்கு. நிமிஷத்த அவ இப்பவும் 20, 20னுதான் போடுறா, நான் கையெழுத்து போடும்போது உறுத்துது. இதுக்கு யாருகிட்டயாவது வழி இருந்தா சொல்லுங்க.

நேத்து சாயங்காலம் நடந்தது ஒண்ணு. என் தம்பி பொண்ணு வந்திருந்தா, ரெண்டாவது படிக்கிறா. "பயமா ஒரு புக் குடு"ன்னு கேட்டா. பெரியவ கயித்த ஆணில இருந்து எடுத்து மடில போட்டுக்கிட்டு, பூ கட்டுறவங்க சரத்த தள்ளுற மாதிரி ஒவ்வொரு அட்டையா தள்ளிட்டே போனா. மூலை வெட்டின அட்டை வந்ததும் "இது அறுவை"ன்னு தள்ளினா. பல்லி இருக்கிற அட்டை ரெண்ட பிரிச்சு எடுத்து, "இதுல ஒரு பல்லி, இதுல மூணு பல்லி, உனக்கு எது வேணும்?"னு கேட்டா. அவ கொஞ்சம் யோசிச்சு ஒரு பல்லிய எடுத்துக்கிட்டா.

ராஜி_அம்மா

மீனா, என் பையனுக்கும் அட்டை வெட்டிட்டேன், ஃபோன் கதைய விட்டுட்டு நூலகத்துல ரெண்டு புக் எடுத்திருக்கோம். ஓட்டை போடுறதுக்கு பஞ்சிங் மெஷின் இல்ல, கோணி ஊசில குத்தினா அட்டை கிழியுது. என்ன பண்றீங்க?

பழைய_நூலகர்

ஓரத்துல இருந்து ஒரு விரல் உள்ள தள்ளிக் குத்துங்கம்மா. குத்துறதுக்கு முன்னாடி அந்த எடத்துல ரெண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டிட்டா கிழியாது.